டிப்ஸ் பெட்டியும் மூன்று எண்களும்

சாப்பிட்டு முடித்து, பில் வைத்த தட்டில் நூறு ரூபாயை வைத்துவிட்டு எழுகிறோம். அது நமக்குப் பரிமாறிய சப்ளையருக்குப் போகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். சில ஓட்டல்களில் அப்படித்தான் நடக்கிறது. பல இடங்களில் அந்த நோட்டு கல்லாவுக்குப் பக்கத்தில் உள்ள பெட்டிக்குள் விழுந்து, வாரக் கடைசியில் கேப்டன், மாஸ்டர், மேசை துடைப்பவர், பாத்திரம் கழுவுபவர் என்று எல்லோருக்கும் பிரிகிறது. பெட்டி வைப்பது நல்ல ஏற்பாடு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அதிலிருந்து பணம் எந்தக் கணக்கில் வெளியே போகிறது என்பது பெரும்பாலும் அங்கே வேலை செய்பவர்களுக்கே தெரிவதில்லை. மேனேஜர் ஒரு கவரில் போட்டுக் கொடுப்பார், வாங்கிக்கொள்வார்கள். "போன வாரம் இதைவிடக் கூட வந்ததே?" என்று கேட்கும் துணிச்சல் எல்லோருக்கும் இருப்பதில்லை.

முதலில் பணம் எந்த வழியாக வருகிறது என்று பார்ப்போம். கொஞ்ச காலம் முன்புவரை பெரிய ரெஸ்டாரண்டுகளின் பில்லில் ஐந்து முதல் பத்து சதவீதம் வரை சர்வீஸ் சார்ஜ் தானாகவே சேர்ந்திருக்கும். அது அரசு வரி என்று எண்ணிக் கட்டியவர்கள் ஏராளம். 2022 ஜூலை 4ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரில் வசூலிக்கக் கூடாது, தர மறுப்பவரை உள்ளே விடமாட்டோம் என்று சொல்லக் கூடாது, கொடுப்பதும் கொடுக்காததும் வாடிக்கையாளர் விருப்பம் என்று அவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பவை அதன் சாரம். ரெஸ்டாரண்ட் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. அதே மாதத்தில் இடைக்காலத் தடையும் கிடைத்தது. 2025 மார்ச் 28 அன்று வந்த தனி நீதிபதி தீர்ப்பு அந்த நெறிகள் செல்லும் என்றது. சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாக வாங்குவது சட்டத்துக்கு எதிரானது என்றும் அதில் சொல்லப்பட்டது.

சங்கங்களின் வாதங்களில் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். டிப்ஸ் என்றால் கண்ணுக்குத் தெரியும் சப்ளையருக்கு மட்டும்தான் கிடைக்கும், சர்வீஸ் சார்ஜ் என்றால் சமையலறைக்கும் பாத்திரம் கழுவுபவருக்கும் சேரும் என்பது அந்த வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் பில்லில் கட்டாயமாக வசூலித்தால்தான் அந்த நியாயம் நடக்கும் என்பதில்லை. மனம் விரும்பித் தரும் டிப்ஸையும் ஒரே பெட்டியில் போட்டுப் பிரிக்கலாம். எந்தப் பெயரில் வாங்கினாலும் கடைசியில் நிற்கும் கேள்வி ஒன்றுதான்: எப்படிப் பிரிப்பது?

பெட்டியே இல்லாத ஓட்டலில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஏசி ஹாலில் நிற்கும் சப்ளையருக்குக் குடும்பங்கள் வருகின்றன, பில் பெரிது, டிப்ஸும் பெரிது. வெளி ஹாலில் இருப்பவருக்குக் காலையில் இட்லி, காபியோடு எழுந்து போகிறவர்கள்தான் வருவார்கள். இருவரும் நடக்கும் தூரம் ஒன்றுதான். யாரை எந்த ஹாலில் நிறுத்துவது என்பது கேப்டன் கையில் இருப்பதால், அவரைச் சுற்றி ஒரு தயவுக் கணக்கும் உருவாகிவிடும். சமையலறைக்கு ஒன்றும் வராது. அதனால் ஏசி ஹால் ஆர்டர் முதலில் வருமா, பின்னால் வருமா என்பதில்கூட மனக்கசப்பு ஏறும். சூடான தோசை சில மேசைகளுக்குத் தாமதமாக வருவதன் காரணம் அடுப்பில்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது.

பெட்டி வைத்ததும் முதலில் தோன்றும் யோசனை, தலைக்குச் சமமாகப் பிரித்துவிடலாம் என்பது. எளிது, எல்லோருக்கும் புரியும். ஆனால் அந்த வாரத்தில் மூன்று நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தவரும், தன் விடுமுறை நாளிலும் வந்து வேலை பார்த்தவரும் ஒரே தொகையை வாங்குவார்கள். இரண்டு வாரம் பொறுப்பார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து சில நோட்டுகள் பெட்டிக்கு வராமல் சட்டைப் பையிலேயே தங்க ஆரம்பிக்கும். தன் உழைப்புக்கும் தன் பங்குக்கும் தொடர்பே இல்லை என்று தோன்றிய பிறகு யாருக்கும் பெட்டிமேல் பற்று இருக்காது.

அதனால்தான் உலகம் முழுக்கப் பல ரெஸ்டாரண்டுகளில் பாயிண்ட் முறை நிலைத்திருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பாயிண்ட். அதை அந்த ஆள் வேலை பார்த்த மணிநேரத்தால் பெருக்க வேண்டும். கிடைப்பதை அலகு என்று வைத்துக்கொள்வோம். எல்லோருடைய அலகுகளையும் கூட்டி, பெட்டியில் உள்ள பணத்தை அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால், ஓர் அலகுக்கு எவ்வளவு என்று வந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சென்னையில் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் நடுத்தர ஓட்டல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் பெட்டியில் 23,400 ரூபாய் சேர்ந்திருக்கிறது. (எண்கள் முழுசாக வரும்படி நானே வைத்தவை.) கேப்டனுக்கு 12 பாயிண்ட், சப்ளையருக்கு 10, மாஸ்டருக்கு 7, மேசை துடைப்பவருக்கும் பாத்திரம் கழுவுபவருக்கும் 6.

கேப்டன் அந்த வாரம் 48 மணிநேரம் வேலை பார்த்தார். 48ஐ 12ஆல் பெருக்கினால் 576 அலகு. சப்ளையர்கள் நான்கு பேர். ஒருவர் 54 மணி, இருவர் தலா 48 மணி, ஊருக்குப் போய் வந்த நான்காமவர் 30 மணி. மொத்தம் 180 மணி, ஆகவே 1,800 அலகு. மூன்று மாஸ்டர்களில் இருவர் 54 மணி, ஒருவர் 48 மணி. 156 மணிக்கு 1,092 அலகு. மேசை துடைக்கும் இருவர் சேர்ந்து 102 மணி, 612 அலகு. பாத்திரம் கழுவும் இருவர் சேர்ந்து 100 மணி, 600 அலகு. எல்லாம் கூட்டினால் 4,680. பெட்டிப் பணத்தை இதனால் வகுத்தால், ஓர் அலகுக்குச் சரியாக ஐந்து ரூபாய்.

இனி யாருக்கு எவ்வளவு என்பது வாய்க்கணக்கு. 54 மணி நின்ற சப்ளையருக்கு 540 அலகு, அதாவது 2,700 ரூபாய். 30 மணி வந்தவருக்கு 1,500. கேப்டனுக்கு 2,880. 54 மணி அடுப்படியில் நின்ற மாஸ்டருக்கு 1,890. அதே 54 மணி பாத்திரம் கழுவியவருக்கு 1,620. தலைக்குச் சமமாகப் பிரித்திருந்தால் எல்லோருக்கும் 1,950 வந்திருக்கும். ஊருக்குப் போனவர் 450 ரூபாய் கூடுதலாக வாங்கியிருப்பார், வாரம் முழுக்க நின்றவர் 750 ரூபாய் இழந்திருப்பார். மணிநேரத்தைக் கணக்கில் கொண்டுவந்தது அதைச் சரிசெய்துவிடுகிறது.

மணிநேரம் பற்றி யாரும் சண்டை போடமாட்டார்கள். வருகைப் பதிவேடு இருக்கிறது. சண்டை பாயிண்டில்தான் வரும். பரோட்டா மாஸ்டர் கேட்பார்: "நான் போடாம அவன் எதைக் கொண்டுபோய் வைப்பான்? எனக்கு ஏழு, அவனுக்குப் பத்தா?" நியாயமான கேள்வி. தொழில் திறமையை மட்டும் வைத்துப் பார்த்தால் மாஸ்டரின் கை சப்ளையரின் கையைவிடக் கூடுதலாகக் கற்றது. அந்தத் திறமைக்கான விலை அவருடைய சம்பளத்திலேயே இருக்கிறது என்பதுதான் பதில். மாஸ்டரின் அடிப்படைச் சம்பளம் வழக்கமாகச் சப்ளையரின் சம்பளத்தைவிட நன்றாகவே உயர்ந்தது. சப்ளையர் வேலைக்குச் சேரும்போதே டிப்ஸையும் மனதில் வைத்துத்தான் குறைந்த சம்பளத்துக்கு ஒப்புக்கொள்கிறார். பில் தட்டில் பணம் வைக்கும் வாடிக்கையாளரும் பெரும்பாலும் அவரைப் பார்த்துத்தான் வைக்கிறார்.

ஆனால் இந்தப் பதிலை முதலாளி தன் மனதுக்குள் வைத்துக்கொண்டு, மாஸ்டரிடம் "அதெல்லாம் அப்படித்தான்" என்று மட்டும் சொன்னால், மாஸ்டருக்கு அது அவமதிப்பாகத்தான் படும். பாயிண்ட் ஏன் அப்படி வைக்கப்பட்டது என்பதை ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரியில் எழுதிவைக்க வேண்டும். எழுத முடியவில்லை என்றால் அந்தப் பாயிண்டுக்குக் காரணம் இல்லை என்று அர்த்தம். மேலே உள்ள கணக்கில் பாத்திரம் கழுவுபவருக்கு 6 போட்டிருக்கிறேன். சம்பளத்தை வைத்துப் பார்த்தால் அவர்தான் ஓட்டலிலேயே குறைவாக வாங்குபவர். மாஸ்டருக்குச் சொன்ன காரணம் இவருக்குப் பொருந்தாது. வாடிக்கையாளரின் எண்ணம் என்ற ஒரே காரணம்தான் மிஞ்சுகிறது. என்னைக் கேட்டால் இவருக்கு மாஸ்டரின் ஏழையே கொடுக்கலாம் என்பேன். எழுதிவைத்தால்தான் இப்படிப்பட்ட பலவீனம் வெளியே தெரியும்.

பிரிட்டனில் இதையே சட்டமாக்கியிருக்கிறார்கள். டிப்ஸ் பங்கீடு குறித்து 2023இல் நிறைவேறிய சட்டம் 2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றிலும் நடைமுறைக்கு வந்தது. லண்டனில் ஈஸ்ட் ஹாமிலோ வெம்பிளியிலோ தமிழர் நடத்தும் உணவகத்துக்கும் அது பொருந்தும். முதலாளியின் கை வழியாகவோ அவருடைய கட்டுப்பாட்டிலோ வரும் டிப்ஸும் சர்வீஸ் சார்ஜும் முழுவதுமாக ஊழியர்களுக்கே போக வேண்டும், வரி போன்ற சட்டப்படியான பிடித்தம் தவிர வேறு எதையும் எடுக்கக் கூடாது. வாங்கிய மாதத்துக்கு அடுத்த மாத முடிவுக்குள் கொடுத்துவிட வேண்டும். எப்படிப் பிரிக்கிறோம் என்பதை எழுத்தில் வைத்திருக்க வேண்டும், மூன்று ஆண்டுக் கணக்கைப் பாதுகாக்க வேண்டும். ஊழியர் எழுதிக் கேட்டால், கடைக்கு எவ்வளவு வந்தது, அவருக்கு எவ்வளவு போனது என்ற இரண்டையும் காட்ட வேண்டும்.

எல்லோருக்கும் சமமாகக் கொடு என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. நியாயமாகக் கொடு என்கிறது. அதனுடன் வந்த நடைமுறை நெறி, வேலையின் தன்மை, அடிப்படைச் சம்பளம், அனுபவம், வாடிக்கையாளர் யாரை நினைத்துக் கொடுத்தார் என்பது போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. இந்தியாவில் பங்கீட்டு முறையை இப்படி விரித்துச் சொல்லும் தனிச் சட்டம் இல்லை. இருப்பது சில நீதிமன்றத் தீர்ப்புகள். வாடிக்கையாளர் தரும் டிப்ஸ், முதலாளி தரும் கூலி ஆகாது என்று ஜெய்ப்பூர் ராம்பாக் பேலஸ் ஓட்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1976லேயே சொல்லிவிட்டது. "டிப்ஸ் வருகிறதே, சம்பளம் எதற்கு உயர்த்த வேண்டும்" என்று பேசும் முதலாளிகளுக்கு அந்தத் தீர்ப்பை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2016இல் ஐடிசி வழக்கில், கார்டு வழியாக வந்து நிர்வாகம் பிரித்துக் கொடுக்கும் டிப்ஸ் சம்பளம் அல்ல, அதில் சம்பளத்துக்கான வரிப் பிடித்தம் செய்ய வேண்டியதில்லை என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. வாங்குபவர் கையில் அது வருமானம்தான் என்பது வேறு விஷயம்.

பெட்டி முறை எங்கே கெடுகிறது? பெரும்பாலும் பிரிப்பதற்கு முன்பே. பணத்தை எண்ணியதும் உடைந்த கண்ணாடி டம்ளருக்கு இருநூறு, பில் கொடுக்காமல் போன மேசைக்கு அறுநூறு என்று கழித்துவிட்டு மீதியைப் பிரிப்பார்கள். உடைந்த டம்ளர் கடையின் செலவு. அதை டிப்ஸிலிருந்து எடுப்பது, வாடிக்கையாளர் ஊழியருக்குக் கொடுத்த பணத்தை முதலாளி எடுத்துக்கொள்வதுதான், வேறு பெயர் இல்லை. மேனேஜரோ முதலாளியின் மைத்துனரோ பட்டியலில் பாயிண்டோடு நுழைவது இன்னொன்று. அமெரிக்காவில் 2018இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மேனேஜர்களும் சூப்பர்வைசர்களும் ஊழியர்களின் டிப்ஸ் பெட்டியிலிருந்து பங்கு எடுக்க முடியாது. பாயிண்டை முடிவுசெய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவர் பங்கு வாங்கக் கூடாது என்பதை இங்கேயும் விதியாக வைத்துக்கொள்ளலாம். கேப்டன் பங்கு வாங்குகிறார் என்றால் பாயிண்டை அவர் தனியாகத் தீர்மானிக்கக் கூடாது.

யுபிஐ வந்த பிறகு ஒரு புதுச் சிக்கல். நோட்டாக இருந்தால் பெட்டியில் விழுவது நாலு பேர் கண்ணில் படும். இப்போது வாடிக்கையாளர் பில்லோடு சேர்த்து 50 ரூபாய் கூடுதலாகப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். அது கடைக் கணக்கில் விற்பனையோடு கலந்துவிடுகிறது. இன்னொரு பக்கம், சப்ளையர் தன் சொந்த போனில் உள்ள கியூஆர் கோடைக் காட்டினால் அது பெட்டியைத் தொடாமலே போய்விடும். முதலாளி, ஊழியர் இரு தரப்புக்கும் சந்தேகம் வர இடமிருக்கிறது. டிப்ஸுக்கென்று தனி கியூஆர் ஒன்றைத் தனி வங்கிக் கணக்கோடு வைத்து, அந்தக் கணக்கு அறிக்கையை வாரந்தோறும் எல்லோரும் பார்க்கும்படி செய்வதுதான் இதற்கு வழி. பில்லோடு சேர்ந்து வந்த உபரியை அன்றன்றே குறித்து அந்தக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். பணம் பெட்டிக்குள் போய் எல்லோருக்கும் பிரிகிறது என்று மேசையிலேயே ஒரு வரி எழுதிவைத்தால், வாடிக்கையாளருக்கும் தெரிந்து கொடுத்ததாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமையும் ஒரு தகராறு. வாரம் முழுக்கச் சேர்ந்த பணத்தில் பெரும்பகுதி சனி, ஞாயிறில் வந்ததாக இருக்கும். ஞாயிறு லீவு எடுத்துவிட்டு, செவ்வாய், புதன் மட்டும் வந்தவரும் அதே ஐந்து ரூபாய் வீதம்தான் வாங்குவார். கூட்டத்தில் கசங்கியவர்களுக்கு இது உறுத்தும். நாள்வாரியாகப் பிரித்தால் தீரும். ஆனால் நாளுக்கு நாள் தொகை ஏறி இறங்கும், எல்லோரும் ஞாயிறு ஷிப்டுக்கு அடித்துக்கொள்வார்கள், செவ்வாய்க்கிழமைக்கு ஆள் கிடைக்காது. சனி, ஞாயிறுக்கு ஒரு கணக்கு, மற்ற ஐந்து நாளுக்கு ஒரு கணக்கு என்று இரண்டாகப் பிரிப்பது நடுவழி.

கணக்கு சரியா என்று ஊழியர் எப்படிக் கண்டுபிடிப்பது? அவருக்கு மூன்று எண்கள் போதும். பெட்டியில் மொத்தம் எவ்வளவு, எல்லோருடைய அலகுகளும் சேர்ந்து எவ்வளவு, தன் அலகு எவ்வளவு. இந்த மூன்றையும் பணம் கொடுக்கும் நாளில் சமையலறைக்குப் போகும் வழியில் ஒரு பலகையில் எழுதிவிட வேண்டும். தமிழ்நாட்டு ஓட்டல்களில் இன்று பீகார், ஒடிசா, அசாம், நேபாளத்திலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். பாத்திரம் கழுவுமிடத்தில் அவர்கள்தான் அதிகம். தமிழில் ஒரு பத்தி விளக்கம் எழுதினால் அவர்களுக்குப் பயனில்லை. எண்கள் யாருக்கும் புரியும். பக்கத்தில் இந்தியில் ஒரு வரி இருந்தால் இன்னும் நல்லது. போனில் உள்ள கால்குலேட்டரில் பெட்டிப் பணத்தை மொத்த அலகால் வகுத்து, தன் அலகால் பெருக்கி, கவரில் உள்ளதோடு ஒப்பிட்டுவிடலாம்.

வாரத்துக்கு வாரம் அலகு விலையையும் குறித்துவந்தால் இன்னொன்று தெரியும். கூட்டம் அப்படியே இருக்க, ஐந்து ரூபாய் நாலரை ஆனால், ஒன்று பெட்டிப் பணம் குறைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் மொத்த அலகு கூடியிருக்க வேண்டும். மொத்த அலகு கூடியிருந்தால் புது ஆள் சேர்ந்தாரா, ஓவர்டைம் போனதா, பட்டியலில் புதுப் பெயர் ஏதும் நுழைந்ததா என்று பார்க்கலாம். பணம் குறைந்திருந்தால் கழிவு ஏதும் நடந்ததா என்று கேட்கலாம். "ஏன் குறைச்சலா வந்திருக்கு?" என்று மொட்டையாகக் கேட்பதைவிட "அலகு 4,680லிருந்து 5,200 ஆகியிருக்கே, யார் சேர்ந்தாங்க?" என்று கேட்பது எளிது. பதில் சொல்பவருக்கும் மழுப்ப இடமில்லை.

பாயிண்டை மாற்ற வேண்டி வந்தாலும் இதே எண்கள் உதவும். பரோட்டா மாஸ்டர் ஏழை எட்டாக்கச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாஸ்டர்களின் 156 மணிக்கு 156 அலகு கூடும், மொத்தம் 4,836 ஆகும். அதே 23,400 ரூபாயை வகுத்தால் ஓர் அலகு 4 ரூபாய் 84 காசு அளவுக்கு இறங்கும். 54 மணி வேலை பார்த்த மாஸ்டருக்கு வாரத்துக்குச் சுமார் 200 ரூபாய் கூடும். 48 மணி நின்ற சப்ளையருக்குச் சுமார் 77 ரூபாய் குறையும். பாத்திரம் கழுவுபவர் 54 மணி நின்றிருந்தால் அவருக்கும் 52 ரூபாய் குறையும். மாஸ்டருக்கும் சப்ளையருக்கும் இடையே நடக்கும் பேச்சில் இந்த 52 ரூபாய் யார் கண்ணிலும் படுவதில்லை. ஆகவே கூட்டம் போட்டுப் பேசும்போது, பாயிண்ட் மாறினால் ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை ரூபாய் ஏறும், எத்தனை இறங்கும் என்பதைப் பலகையில் எழுதிவிட்டுப் பேச வேண்டும். பாத்திரம் கழுவுபவரையும் அந்த நேரத்தில் தொட்டியடியிலிருந்து கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டும். ஒப்புக்கொண்ட மாற்றம் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அமலாகட்டும். ஏற்கெனவே நின்று உழைத்த வாரத்தின் பணத்தைப் பழைய பாயிண்டிலேயே கொடுத்துவிட வேண்டும்.